பெருக்கலாமா, கூடாதா? சார்புள்ள நிகழ்ச்சிகளில் தவறிப்போகும் நிகழ்தகவு

நிகழ்தகவுப் பாடத்தில் வேறு எது மறந்தாலும் ஒரு விதி எல்லோருக்கும் நினைவில் நிற்கும். இதுவும் நடக்க வேண்டும், அதுவும் நடக்க வேண்டும் என்றால் பெருக்கு. நாணயத்தை இரண்டு முறை சுண்டி இரண்டிலும் தலை விழ 1/2 × 1/2, அதாவது 1/4. பகடையை இரண்டு முறை உருட்டி இரண்டிலும் ஆறு விழ 1/36. ஒரு வரியில் கணக்கு முடிந்துவிடும்.

அந்த விதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும். விதி நினைவிருப்பவர்களில் பலருக்கு இந்த நிபந்தனை நினைவிருப்பதில்லை. நினைவிருந்தாலும், "ஒன்று மற்றொன்றைப் பாதிக்கக்கூடாது, அவ்வளவுதானே" என்று கடந்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றை ஒன்று துளியும் பாதிக்காத இரண்டு நிகழ்ச்சிகள்கூடச் சார்புள்ளவையாக இருக்கலாம். அது எப்படி என்று பார்ப்போம். முதலில் பாடப்புத்தகங்கள் விட்டுவைக்காத அந்தப் பந்துப் பையிலிருந்து தொடங்கலாம்.

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 கறுப்புப் பந்துகள். ஒரு பந்தை எடுக்கிறோம். திருப்பி வைக்காமல் இன்னொன்றை எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன?

கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினால் 5/8 × 5/8 = 25/64, ஏறக்குறைய 0.39. இது தவறு. முதல் பந்து சிவப்பு என்றால் பையில் மிச்சம் 7 பந்துகள், அவற்றில் சிவப்பு 4. ஆகவே சரியான விடை 5/8 × 4/7 = 5/14, ஏறக்குறைய 0.36. பெருக்கல் இங்கேயும் உண்டு என்பதைக் கவனியுங்கள். எதைப் பெருக்குகிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது. இரண்டாவது எண், "முதலாவது நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு" இரண்டாவதற்கு உள்ள நிகழ்தகவு. இதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். முதலாவதை A, இரண்டாவதை B என்று எழுதினால் இப்படி:

P(A ∩ B) = P(A) × P(B | A)

இந்தச் சூத்திரம் எப்போதும் சரி. சார்பிலா நிகழ்ச்சிகளில் P(B | A) என்பதும் P(B) என்பதும் ஒரே எண்ணாகிவிடுவதால் நாம் சும்மா பெருக்கிவிடுகிறோம். அது ஒரு சிறப்புச் சலுகை, பொது விதி அல்ல.

பந்துக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் பந்தைப் பார்க்காமலே ஒரு துணிக்குள் மறைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தால், அது சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? குறைந்திருக்கும் என்றுதான் தோன்றும். குறையவில்லை. முதலாவது சிவப்பு, இரண்டாவது சிவப்பு என்பதற்கு 20/56. முதலாவது கறுப்பு, இரண்டாவது சிவப்பு என்பதற்கு 3/8 × 5/7 = 15/56. கூட்டினால் 35/56, அதாவது மறுபடியும் அதே 5/8. நமக்கு எதுவும் தெரியாதவரை இரண்டாவது பந்தும் முதல் பந்தும் ஒன்றுதான்.

இப்போது இரண்டாவது பந்தைப் பார்க்கிறோம், சிவப்பு. துணிக்குள் இருக்கும் முதல் பந்து சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? 20/56-ஐ 35/56-ஆல் வகுத்தால் 4/7. முன்பு 5/8 (0.625) என்று சொல்லியிருப்போம், இப்போது 4/7 (0.571). பிறகு எடுத்த பந்து முன்பே எடுத்த பந்தைப் பாதித்திருக்க வழியே இல்லை. துணிக்குள் அதன் நிறம் மாறிவிடவில்லை. மாறியது நமக்குத் தெரிந்த செய்தி. நிகழ்தகவில் சார்பு என்றால் இதுதான்: ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டால் மற்றொன்றைப் பற்றிய நம் மதிப்பீடு மாறுகிறதா? மாறினால் சார்பு உண்டு. மாறாவிட்டால் இல்லை. பாதிப்பு இருக்கிறதா என்று தேடுவதைவிட இந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது.

சரி, இனி பாதிப்பே இல்லாத ஒரு கணக்கு. ஒருவர் சட்டைப்பையில் இரண்டு நாணயங்கள் வைத்திருக்கிறார். ஒன்று சாதாரண நாணயம், ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பூ. மற்றொன்று ஏமாற்று நாணயம், இரண்டு பக்கமும் தலை. பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதையே இரண்டு முறை சுண்டுகிறார். இரண்டிலும் தலை விழ நிகழ்தகவு என்ன?

ஒரு சுண்டலில் தலை விழ எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். ஏமாற்று நாணயம் வர பாதி வாய்ப்பு, வந்தால் தலை உறுதி. சாதாரண நாணயம் வர பாதி வாய்ப்பு, வந்தால் தலைக்குப் பாதி. 1/2 + 1/4 = 3/4. இரண்டாவது சுண்டலுக்கும் இதே 3/4. நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது, முதல் சுண்டல் இரண்டாவதை எந்த விதத்திலும் தொடாது. ஆகவே 3/4 × 3/4 = 9/16 என்று எழுதிவிட்டுப் போகலாம் போலத்தான் இருக்கிறது.

எண்ணிப் பார்த்துவிடுவோம். இந்த விளையாட்டை 80 தடவை ஆடியதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 40 தடவை ஏமாற்று நாணயம் வரும். அந்த 40-லும் தலை-தலைதான். மிச்சம் 40 தடவை சாதாரண நாணயம். அதில் தலை-தலை 10, தலை-பூ 10, பூ-தலை 10, பூ-பூ 10. ஆக மொத்தம் தலை-தலை விழுந்தது 50 தடவை. 50/80 = 5/8 = 0.625. பெருக்கிக் கிடைத்த 9/16 என்பது 80-க்கு 45 தடவைதான் சொல்கிறது, அதாவது 0.5625.

முதல் சுண்டலில் தலை விழுந்த ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அப்படிப்பட்ட ஆட்டங்கள் 60. அவற்றில் இரண்டாவதும் தலையானவை 50. ஆகவே முதலாவது தலை என்று தெரிந்த பிறகு இரண்டாவது தலையாக இருக்க 5/6, வெறும் 3/4 அல்ல. முதல் தலை இரண்டாவது தலையை உண்டாக்கவில்லை. ஆனால் "கையில் இருப்பது ஏமாற்று நாணயமாக இருக்கலாம்" என்ற சந்தேகத்தை அது கூட்டிவிட்டது. அந்தச் சந்தேகம் வழியாகத்தான் முதல் சுண்டல் இரண்டாவதைப் பற்றிச் செய்தி சொல்கிறது.

கையில் இருப்பது எந்த நாணயம் என்று தெரிந்துவிட்டால் சார்பு மறைந்துவிடும். சாதாரண நாணயம் என்று தெரிந்தால் 1/2 × 1/2 சரி. ஏமாற்று நாணயம் என்று தெரிந்தால் 1 × 1 சரி. இரண்டு சுண்டலுக்கும் பொதுவான, நமக்குத் தெரியாத ஒன்று பின்னால் இருக்கும்போதுதான் பெருக்கல் தவறுகிறது.

தவறு இரண்டு சுண்டலோடு நின்றால் பரவாயில்லை, 0.56-க்கும் 0.63-க்கும் பெரிய தூரம் இல்லை. பத்து சுண்டலுக்குப் போங்கள். பத்தும் தலை விழ, பெருக்கல் கணக்குப்படி 3/4-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.056, நூற்றுக்கு ஐந்தாறு. உண்மையில் ஏமாற்று நாணயம் வந்த பாதி ஆட்டங்களில் பத்தும் தலைதான், ஆகவே விடை 0.5-க்குச் சற்று மேல். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம். அரிதான ஒன்று திரும்பத் திரும்ப நடப்பதைக் கணக்கிடும்போது இந்தத் தவறு இப்படித்தான் ஊதிப் பெருக்கும்.

நாணயத்தில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். இங்கிலாந்தில் இதே தவறு ஒரு கொலை வழக்கில் சாட்சியமாகச் சொல்லப்பட்டது.

சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் முதல் குழந்தை 1996 டிசம்பரில், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் இறந்தது. அடுத்த குழந்தையும் 1998 ஜனவரியில், அதேபோலச் சில வாரங்களில் இறந்தது. தாய்தான் இரண்டு பேரையும் கொன்றார் என்று வழக்கு. 1999-இல் செஸ்டர் நகரில் விசாரணை நடந்தபோது, குழந்தை மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ அரசுத் தரப்புச் சாட்சியாக ஓர் எண்ணைச் சொன்னார். காரணம் தெரியாமல் பச்சைக் குழந்தை திடீரென்று இறப்பதைத் தொட்டில் மரணம் என்பார்கள். புகைபிடிக்காத, வருமானம் உள்ள, தாய்க்கு 26 வயதுக்கு மேலான குடும்பத்தில் அது நடக்க 8,543-இல் ஒரு வாய்ப்பு என்று ஓர் ஆய்வறிக்கையில் இருந்தது. இரண்டு குழந்தைகளும் அப்படி இறக்க என்ன வாய்ப்பு? 8,543 × 8,543. ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. நாட்டில் நூறு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கக்கூடியது என்றும் விளக்கினார். நடுவர் குழுவில் 10 பேர் குற்றவாளி என்றார்கள், 2 பேர் இல்லை என்றார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கணக்கை நாணயத்தோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு குழந்தைகளுக்கும் பெற்றோர் ஒருவரே, வீடு ஒன்றே. மரபணுவிலோ வீட்டுச் சூழலிலோ ஏதோ ஒரு காரணம், இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஒன்று, இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கலாம். ஒரு குழந்தையின் மரணம் அடுத்த குழந்தையின் மரணத்தை உண்டாக்க வேண்டியதில்லை. முதல் மரணம், "இந்தக் குடும்பத்தில் அப்படி ஏதோ இருக்கலாம்" என்ற செய்தியைச் சொன்னாலே போதும், இரண்டாவதன் நிகழ்தகவு மாறிவிடும். புகை, வருமானம், வயது ஆகிய தெரிந்த மூன்று காரணங்களைக் கணக்கில் எடுத்ததால், தெரியாத காரணங்கள் இல்லாமல் போய்விடுவதில்லை.

எவ்வளவு மாறும் என்று காட்ட ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். இதில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, மருத்துவப் புள்ளிவிவரம் அல்ல. இரண்டு குழந்தைகள் உள்ள 10 கோடி குடும்பங்கள் என்று கொள்வோம். ஒரு குழந்தைக்குச் சராசரி வாய்ப்பு 10,000-இல் ஒன்று. ஆகவே 10,000 குடும்பங்களில் முதல் குழந்தை இறக்கும். எல்லாக் குடும்பமும் ஒன்றுபோலவே என்றால், அந்த 10,000 குடும்பங்களில் இரண்டாவது குழந்தையையும் இழப்பது ஒரே ஒரு குடும்பம். மெடோ செய்தது இந்த வகைக் கணக்கு.

இப்போது அதே சராசரியை வேறு விதமாகப் பிரிக்கிறேன். நூற்றில் ஒரு குடும்பத்தில், அதாவது 10 லட்சம் குடும்பங்களில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை இருக்கிறது. அங்கே ஒரு குழந்தைக்கு 200-இல் ஒரு வாய்ப்பு. அந்தக் குடும்பங்களில் முதல் குழந்தை இறப்பது 5,000. மிச்சமுள்ள 9 கோடியே 90 லட்சம் குடும்பங்களில் இன்னொரு 5,000. மொத்தம் அதே 10,000, சராசரி மாறவில்லை. இரண்டாவது குழந்தையைப் பாருங்கள். குறையுள்ள குடும்பங்களில் 5,000-ஐ 200-ஆல் வகுத்தால் 25. மற்றவற்றில் ஒன்றுகூடத் தேறாது. ஆக, ஒரு குடும்பம் என்று எதிர்பார்த்த இடத்தில் 25 குடும்பங்கள். முதல் குழந்தையை இழந்த ஒரு குடும்பத்தில் மறுபடியும் நடக்க வாய்ப்பு 10,000-இல் ஒன்று அல்ல, 400-இல் ஒன்று.

சராசரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு உலகங்களில் எதில் நாம் இருக்கிறோம் என்று சொல்லவே முடியாது. 8,543 என்ற எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதன் வர்க்கத்துக்கு அந்தத் துல்லியம் வராது. இரண்டு குழந்தைகளையும் இழந்த குடும்பங்கள் உண்மையில் எத்தனை என்று தனியாக எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். சால்ஃபர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரே ஹில் கிடைத்த தரவுகளை வைத்து மதிப்பிட்டார். ஒரு தொட்டில் மரணம் நடந்த குடும்பத்தில் இன்னொன்று நடக்கும் வாய்ப்பு மற்றக் குடும்பங்களைவிட 5 முதல் 10 மடங்கு அதிகம் என்று அவர் கணக்கிட்டார்.

பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் 2001 அக்டோபரில் வெளிப்படையாக ஓர் அறிக்கை விட்டது. இரண்டு மரணங்களும் சார்பிலா நிகழ்ச்சிகள் என்று காட்டினால்தான் அந்தப் பெருக்கல் செல்லும், அப்படிக் காட்டப்படவில்லை என்றது. சாலி கிளார்க் 2003 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். நியாயமாகச் சொன்னால், தீர்ப்பு ரத்தானதற்கு முதன்மைக் காரணம் இந்தக் கணக்கு அல்ல. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டும் ஆய்வுக்கூட முடிவுகள் எதிர்த்தரப்புக்குத் தரப்படாமல் இருந்தது வெளியே வந்ததுதான் காரணம். ஆனாலும் மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்த எண்ணையும் கண்டித்தார்கள். சாலி கிளார்க் 2007-இல் இறந்தார்.

இந்த வழக்கில் இன்னொரு பிழையும் உண்டு. 7.3 கோடியில் ஒன்று என்பது சரியாகவே இருந்திருந்தாலும், அது "அவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு" ஆகாது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது. அந்த இரண்டு அரிதுகளையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். அது தனிப் பாடம், இங்கே விட்டுவிடுகிறேன்.

சார்பு இருந்தால் பெருக்கல் எப்போதும் குறைவாகத்தான் காட்டும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நாணயத்திலும் குழந்தைகள் கணக்கிலும் உண்மை, பெருக்கலைவிடப் பெரியது. பந்துப் பையில் உண்மை சிறியது, ஏனென்றால் ஒரு சிவப்பை எடுத்தால் அடுத்த சிவப்புக்கு வாய்ப்பு குறைகிறது. இந்தத் திசையின் கடைசி எல்லை, ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்ற நிலை. ஒரு பகடையை ஒரே முறை உருட்டினால் 2-உம் 5-உம் சேர்ந்து விழாது. இதைப் பாடத்தில் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்பார்கள். மாணவர்கள் பலர் இதையும் சார்பிலா நிகழ்ச்சிகளையும் குழப்பிக்கொள்கிறார்கள், "ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லை" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துவதுபோலத் தோன்றுவதால். உண்மையில் இவை எதிரெதிர் முனைகள். 2 விழுந்தது என்று தெரிந்தால், 5 விழவில்லை என்பது உறுதியாகத் தெரிந்துவிடுகிறது. இதைவிடப் பலமான சார்பு வேறு என்ன இருக்கிறது? 1/6 × 1/6 = 1/36 என்று எழுதினால் தவறு, சரியான விடை பூஜ்யம்.

ஒரு வினாத்தாளில் இவற்றை எப்படி அடையாளம் காண்பது? "திருப்பி வைக்காமல்" என்று இருந்தால் சுலபம், வினாவே காட்டிக்கொடுத்துவிடும். கடினமானவை பொதுக் காரணத்தைச் சொல்லாமல் விடுபவை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பல்புகள், ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு மாணவர்களின் தேர்ச்சி, ஒரே மின்கம்பியில் இணைந்த இரண்டு மோட்டார்கள் பழுதாவது. "ஒரே" என்ற சொல் வரும் இடமெல்லாம் கொஞ்சம் நின்று, முதலாவதைப் பற்றித் தெரிந்தால் இரண்டாவதைப் பற்றி வேறு விதமாகப் பந்தயம் கட்டுவேனா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் பெருக்கக் கூடாது. கையில் தரவு இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் சேர்ந்து நடந்த தடவைகளை நேரடியாக எண்ணி, பெருக்கிக் கிடைத்த எண்ணோடு ஒப்பிடலாம். நாணயத்தில் 45-க்குப் பதில் 50 வந்ததுபோல வித்தியாசம் தெரியும். ஆனால் 80 ஆட்டத்தில் அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரும், ஆகவே எண்ணிக்கை பெரியதாக இருந்தால்தான் நம்பலாம்.

சில வினாக்களுக்கு ஒற்றை விடையே கிடையாது. ஐப்பசியில் சென்னைக்கு வானிலை முன்னறிவிப்பு இப்படி வருகிறது என்று கொள்ளுங்கள்: சனிக்கிழமை மழைக்கு 50 விழுக்காடு வாய்ப்பு, ஞாயிற்றுக்கிழமை மழைக்கும் 50 விழுக்காடு. வார இறுதியில் ஒரு நாளாவது மழை பெய்ய வாய்ப்பு என்ன? 75 என்று பலரும் சொல்வார்கள். இரண்டு நாளும் மழை இல்லாமல் போக 1/2 × 1/2, அதை ஒன்றிலிருந்து கழி, 3/4. மறுபடியும் அந்தச் சத்தமில்லாத பெருக்கல்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெரும்பாலும் மழை தருவது வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு. அது கரையை நெருங்கினால் இரண்டு நாளும் கொட்டும், விலகிப்போனால் இரண்டு நாளும் வெயில். முழுக்க அப்படியே என்றால் விடை 75 அல்ல, 50. மாறாக, ஒரு மேகக்கூட்டம் நகரைக் கட்டாயம் கடக்கும், சனியா ஞாயிறா என்பதுதான் தெரியவில்லை என்றால் விடை 100. உண்மை நிலவரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், பருவமழை நாட்களில் பெரும்பாலும் 75-க்குக் கீழே. தேர்வில் இந்த வினா வந்து, சார்பு பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படாமல் இருந்தால், "50-க்குக் குறையாது, 100-ஐத் தாண்டாது, இதற்கு மேல் சொல்லத் தகவல் போதாது" என்று எழுதுபவர்தான் சரியாக எழுதியவர். விடைத்தாள் திருத்துபவர் 75-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், அது வினாவைத் தயாரித்தவரின் பிழை.